கட்டுரை அழைப்பு எழுதுவது எப்படி: தேதியிலும் சொல் எண்ணிக்கையிலும் யாருக்கும் சந்தேகம் வராமல்

சில வருடங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கின் ஏற்பாட்டுக் குழுவில் இருந்தேன். அறிவிப்பில் இப்படி ஒரு வரி இருந்தது: "கட்டுரைகளை 15ஆம் தேதிக்குள் அனுப்பவும்." எழுதியது நான்தான். பதினைந்தாம் தேதி அஞ்சல்பெட்டியைத் திறந்து பார்த்தால், பாதிப் பேர் ஒரு பக்கச் சுருக்கம் அனுப்பியிருந்தார்கள். மீதிப் பேர் இருபது பக்கத்துக்கு முழுக் கட்டுரை. இரண்டு பேர் தலைப்பை மட்டும் அனுப்பிவிட்டு "மற்றது பிறகு" என்றிருந்தார்கள். இன்னொருவர், "பதினைந்து அன்றே அனுப்பலாமா, பதினாலோடு முடிந்துவிடுமா?" என்று கேட்டிருந்தார்.

யாரையும் குறை சொல்ல முடியாது. சரி, சுருக்கம்தான் என்று பதில் போட்டுவிடலாம் என நினைத்துக் குழுவில் கேட்டேன். அங்கேதான் விஷயம் புரிந்தது. ஒருவர் சுருக்கம் என்று எண்ணியிருந்தார், இன்னொருவர் முழுக் கட்டுரை என்று. மூன்றாமவர், "வருவதைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றுதானே பேசினோம்" என்றார். ஆக, வரி குழப்பமாக இருந்ததற்கு என் தமிழ் காரணமில்லை. முடிவெடுக்காத ஒரு விஷயத்தை முடிவானது போல எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு நான் பார்த்த குழப்பமான அழைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கும் இதுவே காரணம்.

அதனால் இந்த வழிகாட்டி எழுத்தில் தொடங்காமல், அதற்கு முந்தைய கட்டத்தில் தொடங்குகிறது. ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கடைசி வரை கொண்டுபோகிறேன்: தனிமனிதர்கள் எழுதிய கடிதங்களை வரலாற்றுச் சான்றாகப் பார்க்கும் ஒருநாள் கருத்தரங்கு. நாள், 2026 நவம்பர் 14, சனிக்கிழமை.

முதலில் நாள்காட்டி, பின்னோக்கி

கருத்தரங்கு நாளைத் தாளின் அடியில் எழுதிவிட்டு மேல்நோக்கி வாருங்கள். ஒவ்வொரு இடைவெளியிலும் யார் என்ன வேலை செய்யப்போகிறார்கள் என்று கேளுங்கள். நாள் கணக்கு அதிலிருந்துதான் வர வேண்டும்.

நவம்பர் 14க்கு முன் அமர்வுத் தலைவர்கள் கட்டுரைகளைப் படிக்க வேண்டும், நிகழ்ச்சி நிரல் அச்சாக வேண்டும். அதற்கு ஐந்து வாரத்துக்குச் சற்றுக் குறைவாக வைத்தால் முழுக் கட்டுரை அக்டோபர் 12 திங்கள் வந்துசேர வேண்டும். சுருக்கம் தேர்வானவர் முழுக் கட்டுரை எழுதப் பத்து வாரமாவது வேண்டும் என்று வைத்துக்கொண்டால், முடிவை ஆகஸ்ட் 3 திங்கள் சொல்லியாக வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகச் சுருக்கங்களைப் படித்து, கருத்து வேறுபடும் இடத்தில் பேசித் தீர்க்க நான்கு வாரம். அப்படியானால் சுருக்கத்தின் கடைசி நாள் ஜூலை 6 திங்கள். அழைப்பு மே 4 திங்கள் வெளியானால், எழுதுபவர்களுக்கு ஒன்பது வாரம் கிடைக்கும்.

இப்படிப் பின்னோக்கி வருவதில் ஒரு லாபம் உண்டு. எங்காவது ஓர் இடைவெளி சுருங்கிப்போனால் உடனே கண்ணில் படும். முன்னோக்கிப் போனால் அழைப்புக்குத் தாராளமாக நேரம் கொடுத்துவிட்டு, மதிப்பீட்டுக்கு ஐந்து நாள் மிஞ்சுவது கடைசியில்தான் தெரியும். அப்போது குழு தேதியை மாற்றும், சுற்றறிக்கை கிளம்பும், பழைய தேதியும் புதிய தேதியும் ஒரே நேரத்தில் ஊர் சுற்றும்.

கடைசி நாளைத் திங்களில் வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. வாரக் கடைசியில்தான் பலருக்கு எழுத நேரம் கிடைக்கிறது. அதே சமயம், கடைசி நாளில் படிவம் திறக்கவில்லை என்று யாராவது கேட்டால் பதில் சொல்லக் குழுவில் ஆள் இருக்க வேண்டும். ஞாயிறு இரவு கெடு வைத்துவிட்டு எல்லாரும் கைப்பேசியை அணைத்துவிடுவது நன்றாக இருக்காது.

பொருளை வரையறுப்பது: எது வெளியே என்று சொல்லுங்கள்

பெரும்பாலான அழைப்புகளில் பொருள் பகுதி இப்படி இருக்கும்: ஒரு பெரிய தலைப்பு, கீழே பன்னிரண்டு துணைத் தலைப்புகள், கடைசியில் "மற்றும் இவை சார்ந்த பிற தலைப்புகள்". அந்தக் கடைசி வரி மேலே உள்ள பன்னிரண்டையும் அடித்துவிடுகிறது. எதை வேண்டுமானாலும் அனுப்பலாம் என்றால் பட்டியல் எதற்கு? பட்டியலில் உள்ளதை மட்டும்தான் அனுப்பலாம் என்றால் அந்த வரி எதற்கு?

பட்டியல் போடுவதில் தப்பில்லை. அது முழுமையானதா, எடுத்துக்காட்டா என்பதை ஒரே வரியில் சொல்லிவிட வேண்டும். "கீழே உள்ளவை எடுத்துக்காட்டுகள். மேலே சொன்ன வரையறைக்குள் வரும் வேறு எந்தக் கேள்வியையும் எடுத்துக்கொள்ளலாம்." இது போதும். ஆனால் இந்த வரியை எழுதத் துணிந்தால், மேலே உண்மையிலேயே ஒரு வரையறை இருந்தாக வேண்டும்.

வரையறைக்கு மூன்று கேள்விகளைப் பயன்படுத்துகிறேன். எந்தப் பொருளைப் பற்றி? எந்தக் காலம்? அதை என்ன கேட்கிறோம்? நம் எடுத்துக்காட்டில் முதலில் குழு எழுதக்கூடிய வரி இப்படி இருக்கும்: "கடிதங்களும் சமூகமும் என்ற பொருளில் கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன." நாவலில் வரும் கடிதம் இதற்குள் வருமா? பத்திரிகையில் வெளியான திறந்த மடல்? மின்னஞ்சல்? மூன்றுக்கும் "ஆம்" என்றும் சொல்லலாம், "இல்லை" என்றும் சொல்லலாம். அதே வரியைத் திருத்தினால்:

"1900 முதல் 2000 முடிய (இரு ஆண்டுகளும் உட்பட) ஒரு தனிமனிதர் இன்னொரு தனிமனிதருக்குக் கையால் எழுதிய அல்லது தட்டச்சு செய்து அனுப்பிய கடிதங்கள், அஞ்சலட்டைகள் ஆகியவற்றை முதன்மைச் சான்றாகக் கொண்ட கட்டுரைகளை எதிர்பார்க்கிறோம். வேறு ஆவணங்களில் கிடைக்காத எதை இந்தக் கடிதங்கள் காட்டுகின்றன என்ற கேள்விக்குக் கட்டுரை பதில் சொல்ல வேண்டும். புனைவில் வரும் கடிதங்கள், அச்சில் வெளியிடுவதற்கென்றே எழுதிய திறந்த மடல்கள், மின்னஞ்சல்கள், கைப்பேசிச் செய்திகள் இந்தக் கருத்தரங்கில் இடம்பெறா."

கடைசி வாக்கியத்தைப் போடப் பலர் தயங்குவார்கள். யாரையோ ஒதுக்குவது போலிருக்கிறது என்பார்கள். எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது. நாவல் கடிதங்களைப் பற்றி எழுத நினைத்தவர் இதைப் படித்தால் பத்து நொடியில் நகர்ந்துவிடுவார். அந்த வரி இல்லாவிட்டால் இரண்டு வாரம் உழைத்துச் சுருக்கம் அனுப்பி, "பொருளுக்குப் பொருந்தவில்லை" என்ற பதிலை வாங்குவார்.

தேதி: நம் மொழியின் சொந்தப் பொறிகள்

தமிழில் கெடுவைச் சொல்ல மூன்று வழக்குகள் உண்டு. "15ஆம் தேதிக்குள்", "15ஆம் தேதி வரை", "15ஆம் தேதிக்கு முன்". மூன்றாவது பதினைந்தைச் சேர்க்காது. இரண்டாவது சேர்க்கும், ஆனால் அன்று எத்தனை மணி வரை என்பதைச் சொல்லாது. முதலாவதைப் பெரும்பாலோர் பதினைந்தையும் சேர்த்துத்தான் படிப்பார்கள். ஆனால் எல்லாரும் இல்லை. என்னிடம் கேள்வி கேட்டவர் அந்த மற்றவர்களில் ஒருவர்.

அடுத்தது "இரவு 12 மணி". ஜூலை 6 இரவு 12 என்றால், ஜூலை 6 தொடங்கும் கணமா, முடியும் கணமா? பேச்சில் முடியும் கணத்தைத்தான் சொல்கிறோம். ஆனால் இணையப் படிவத்தில் மூடும் நேரத்தைக் குறிப்பவர் ஜூலை 6, 00:00 என்று போட்டுவிட்டால், அறிவிப்பைவிட ஒரு முழு நாள் முன்னதாகவே படிவம் மூடிவிடும். 23:59 என்று எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை.

மூன்றாவது, எண்ணால் மட்டும் எழுதிய தேதி. 06/07/2026 என்பதைச் சிலர் ஜூலை 6 என்று படிப்பார்கள், சிலர் ஜூன் 7 என்று. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். கூடவே கிழமையையும் எழுதுங்கள். கிழமை ஓர் அலங்காரம் போலத் தெரியும், ஆனால் அது கணக்கைச் சரிபார்க்கும் கருவி. "ஜூலை 6, செவ்வாய்" என்று யாராவது தட்டச்சு செய்துவிட்டால், தேதியில் ஏதோ பிசகு என்று வாசகருக்கே தெரிந்துவிடும். அழைப்பை வெளியிடுவதற்கு முன் ஒவ்வொரு தேதியையும் அதன் கிழமையோடு நாள்காட்டியில் ஒத்துப்பாருங்கள்.

அப்புறம் நேர மண்டலம். எழுதுபவர்கள் பல நாடுகளில் இருந்தால், ஒரே 23:59 ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு கணம். ஒரு மண்டலத்தைத் தேர்ந்தெடுத்து, உலகப் பொது நேரமான யுடிசியிலிருந்து எத்தனை மணி வித்தியாசம் என்று எண்ணாகவே எழுதுவது பாதுகாப்பானது. கணினித் துறை மாநாடுகளில் AoE என்று ஒரு வழக்கம் இருக்கிறது. பூமியில் எங்காவது ஓரிடத்தில் அந்தத் தேதி மிச்சம் இருக்கும்வரை அனுப்பலாம் என்பது அதன் பொருள். அது யுடிசி −12 மண்டலத்தைக் கணக்கில் வைத்தது. அதன்படி ஜூலை 6, 23:59 என்பது யுடிசி +5:30 மண்டலத்தில் இருப்பவருக்கு ஜூலை 7 மாலை 5:29. எல்லாருக்கும் சலுகையான முறைதான். ஆனால் பழக்கமில்லாத துறையில் அந்த மூன்று எழுத்தை மட்டும் போட்டால் அதுவே ஒரு புதிர் ஆகிவிடும். அப்படிப் பயன்படுத்தினால், ஒன்றிரண்டு மண்டலங்களுக்கு மாற்றிக்கணக்கிட்ட நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள்.

ஒவ்வொரு தேதிக்கும் முன்னால் என்ன வர வேண்டும் அல்லது என்ன நடக்கும் என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். "சுருக்கம் வந்துசேரக் கடைசி நாள்." வெறும் "கடைசி நாள்" போதாது. "அனுப்ப" என்பதைவிட "வந்துசேர" என்பதும் கவனிக்க வேண்டியது. 23:58க்கு அனுப்பிய அஞ்சல் 00:03க்கு வந்துசேர்ந்தால் எந்த நேரம் கணக்கு என்பதை அந்தச் சொல் தீர்த்துவைக்கிறது.

சொல் எண்ணிக்கை: 300 என்றால் எந்த 300?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அழைப்புகளில் மிகச் சாதாரணமாகத் தெரிந்து, பின்னால் மிக அதிகமாகச் சண்டை வரவழைப்பது இந்த எண்தான்.

முதலில் அளவுகோல். "ஐந்து பக்கம்" என்று சொல்லாதீர்கள். எழுத்துரு, எழுத்தளவு, வரி இடைவெளி, ஓர விளிம்பு என நான்கையும் சேர்த்துச் சொன்னால்தான் பக்கம் ஓர் அளவு ஆகும். சொல் எண்ணிக்கை அதைவிட நிலையானது. ஆனால் தமிழில் அதுவும் கொஞ்சம் நெகிழும்.

"படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும்" என்பது ஒரே சொல். இதையே ஆங்கிலத்தில் சொல்ல ஏழெட்டுச் சொற்கள் வேண்டும். அதனால் தமிழிலும் ஆங்கிலத்திலும் கட்டுரை ஏற்கும் அழைப்பில் "சுருக்கம் 300 சொற்களுக்கு மிகக் கூடாது" என்று ஒரே எண்ணைப் போட்டால், தமிழில் எழுதுபவருக்குத் தாராளமாகவும் ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு நெருக்கமாகவும் அமைந்துவிடும். இரண்டு மொழிக்கும் தனித்தனி எண் கொடுங்கள். விகிதத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. முன்பு வந்த சுருக்கங்களில் இரு மொழியிலும் உள்ள நான்கைந்தை எடுத்து, இரண்டையும் எண்ணிப் பாருங்கள். உங்கள் துறையின் நடைக்கு ஏற்ற விகிதம் அதிலேயே கிடைக்கும்.

தமிழுக்குள்ளேயே இன்னொரு நெகிழ்வு இருக்கிறது. மேலே சொன்ன சொல்லையே ஒருவர் "படித்துக் கொண்டு இருந்தவர்களுக்கும்" என்று பிரித்து எழுதலாம். சொல் எண்ணும் மென்பொருள் இடைவெளியை வைத்து எண்ணுகிறது. ஒரே கருத்து, ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு மூன்று. சேர்த்து எழுதும் பழக்கம் உள்ளவருக்கு 300க்குள் அடங்குவது, பிரித்து எழுதுபவருக்கு 340 ஆகலாம். இதை யாரும் ஏமாற்று என்று சொல்ல முடியாது. எண்ணும் முறையை அழைப்பிலேயே சொல்லிவிட்டு, சிறு வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் நியாயம். "மென்பொருள் காட்டும் எண்ணிக்கையே கணக்கு. பத்து விழுக்காடு கூடினால் ஏற்போம், அதற்கு மேல் கூடினால் திருப்பி அனுப்புவோம்." சலுகையை வெளிப்படையாக எழுதிவிட்டால் எல்லாருக்கும் அது தெரியும். எழுதாமல் கொடுத்தால், கேட்டவருக்கு மட்டும் கிடைக்கும்.

அடுத்து, எதை எண்ணுவது. தலைப்பு, பெயர், திறவுச்சொற்கள், அடிக்குறிப்பு, துணைநூல் பட்டியல், அட்டவணைக்குள் இருக்கும் சொற்கள்: ஒவ்வொன்றும் உள்ளேயா வெளியேயா? கடிதங்களைப் பற்றிய கருத்தரங்கில் இது நிஜமாகவே தொல்லை தரும். ஒருவர் முழுக் கடிதத்தையே அடிக்குறிப்பில் தருவார். மென்பொருளும் இதில் ஒத்துப்போவதில்லை. மைக்ரோசாஃப்ட் வேர்டில் அடிக்குறிப்பைச் சேர்த்தும் எண்ணலாம், விட்டும் எண்ணலாம்; அதற்கு ஒரு தேர்வுப்பெட்டி இருக்கிறது. கூகுள் டாக்ஸ் அடிக்குறிப்பை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. அதனால் "அடிக்குறிப்பும் எண்ணிக்கையில் சேரும், துணைநூல் பட்டியல் சேராது" என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

கீழ் எல்லையும் வேண்டும். 300க்கு மேல் போகக் கூடாது என்று மட்டும் சொன்னால் 40 சொல்லில் ஒரு சுருக்கம் வரும். அதை மதிப்பிட முடியாது, விதிப்படி நிராகரிக்கவும் முடியாது. "250 முதல் 300 வரை" என்றால் பிரச்சினை இல்லை. இன்னும் ஒன்று சொல்ல வேண்டும்: அந்த 300 சொல்லுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பது. இல்லாவிட்டால் முதல் 200 சொல் கடிதம் எவ்வளவு பழமையான கலை என்பதிலேயே போய்விடும். எந்தக் கடிதத் தொகுப்பு, அது இப்போது எங்கே உள்ளது, அதனிடம் என்ன கேட்கிறீர்கள், இதுவரை என்ன கண்டீர்கள். இந்த நான்கையும் கேட்டால், மதிப்பீட்டாளர்களும் அதே நான்கை வைத்தே மதிப்பிடலாம்.

அனுப்பும் விதி: ஒரே வாசல்

மின்னஞ்சலிலும் அனுப்பலாம், படிவத்திலும் அனுப்பலாம், ஒருங்கிணைப்பாளரின் வாட்ஸ்அப் எண்ணுக்கும் அனுப்பலாம் என்று மூன்று வாசல் திறந்தால், ஒரே சுருக்கம் மூன்று வடிவத்தில் வரும். எது கடைசித் திருத்தம் என்று தேடுவதற்கே ஒரு நாள் ஆகும். ஒரு வாசல் போதும். சந்தேகம் கேட்பதற்கு வேறு முகவரி கொடுத்தால், "இதற்கு அனுப்பும் சுருக்கங்களைக் கணக்கில் எடுக்க மாட்டோம்" என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

விதிகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்றும் பாருங்கள். நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் மோதல் இது: "மதிப்பீட்டாளருக்கு ஆசிரியர் யாரென்று தெரியக் கூடாது. எனவே சுருக்கத்தில் பெயர் இருக்கக் கூடாது." மூன்று வரி தள்ளி, "கோப்புக்கு உங்கள் பெயரை இடவும்." இரண்டையும் ஒழுங்காகப் பின்பற்றினால் முதல் விதியே வீணாகிறது. தீர்வு எளிது. இரண்டு கோப்பு கேளுங்கள். ஒன்றில் பெயர், பணி அல்லது படிப்பு, தொடர்பு விவரம், கட்டுரைத் தலைப்பு. இன்னொன்றில் தலைப்பும் சுருக்கமும் மட்டும். கோப்புப் பெயரை நீங்களே கொடுத்துவிடுங்கள்:

```
vivaram.docx
surukkam.docx
```

எல்லாரும் ஒரே பெயரில் அனுப்பினால் குழம்பாதா என்றால், குழம்பாது. வந்தவுடன் நீங்கள் ஒரு வரிசை எண் கொடுத்துச் சேமிக்கப்போகிறீர்கள். அந்த எண்ணையே ஒப்புகை அஞ்சலிலும் தரலாம். பெயரை மறைப்பது உண்மையிலேயே முக்கியம் என்றால், கோப்பின் பண்புகளிலும் ஆசிரியர் பெயர் பதிந்திருக்கும் என்பதையும், "என் முந்தைய கட்டுரையில் காட்டியது போல" என்ற வாக்கியம் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதையும் ஒரு வரியில் நினைவூட்டுங்கள்.

எழுத்துரு விஷயத்தில் "யூனிகோடு எழுத்துரு மட்டும்" என்று எழுதினால் போதும் என்று நினைக்காதீர்கள். பழைய குறியாக்க எழுத்துருவில் தட்டச்சு செய்பவர்களில் சிலருக்குத் தங்கள் எழுத்துரு எந்த வகை என்றே தெரியாது. அவர்களுக்குச் சோதிக்க ஒரு வழி சொல்லுங்கள்: ஒரு வரியை நகலெடுத்து, மின்னஞ்சல் எழுதும் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே தெரிந்தால் சரி. ஆங்கில எழுத்தும் குறியுமாக மாறினால் அது யூனிகோடு இல்லை.

ஒப்புகை எத்தனை நாளில் வரும், வராவிட்டால் என்ன செய்வது என்பதும் விதியில் சேர்த்திதான். "மூன்று வேலை நாளில் ஒப்புகை வரும். வராவிட்டால் மீண்டும் அனுப்பாமல் எங்களைக் கேளுங்கள்." இந்த இரண்டு வாக்கியத்தால் இரட்டைப் பிரதிகள் பெருமளவு நின்றுவிடும்.

"வேண்டும்", "கூடாது", "-லாம்"

விதிகளை எழுதி முடித்தபின் வினைமுற்றுகளை மட்டும் தனியாகப் பாருங்கள். "விரும்பத்தக்கது", "கேட்டுக்கொள்ளப்படுகிறது", "தவிர்ப்பது நலம்", "பரிசீலிக்கப்படும்." மரியாதையாக இருக்கின்றன, ஆனால் மீறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்வதில்லை. இணையத் தரநிலை ஆவணங்களில் இந்தச் சிக்கலைத் தீர்க்கவே 1997இல் RFC 2119 என்று ஒரு சிறு ஆவணம் வெளியிட்டார்கள். கட்டாயம், பரிந்துரை, விருப்பம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களுக்குப் பொருள் இதுதான் என்று அதில் வரையறுத்திருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். மூன்றே முடிவுகள் போதும்: "வேண்டும்" என்றால் செய்யாவிட்டால் ஏற்க மாட்டோம். "கூடாது" என்றால் செய்தால் ஏற்க மாட்டோம். "-லாம்" என்றால் உங்கள் விருப்பம். இந்த மூன்றில் எதிலும் அடங்காத வாக்கியம் இருந்தால், அங்கே குழு இன்னும் முடிவெடுக்கவில்லை என்று அர்த்தம். திரும்பப் போய்க் கேளுங்கள்.

வெளியீடு பற்றிய வாக்குறுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. "தேர்ந்தெடுக்கப்பட்ட கட்டுரைகள் நூலாக வெளியிடப்படும்" என்றால், யார் தேர்ந்தெடுப்பார்கள், எப்போது, கட்டணம் உண்டா? தெரியாவிட்டால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். "நூலாக்கம் குறித்து இன்னும் முடிவெடுக்கவில்லை" என்று எழுதுவதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லாம் சேர்ந்தால் இப்படி இருக்கும்

பொருள் வரையறை மேலே இருக்கிறது. அதன் கீழே வர வேண்டியது:

"சுருக்கம் வந்துசேரக் கடைசி நாள்: 2026 ஜூலை 6, திங்கள், 23:59 (யுடிசி +5:30). தேர்வு முடிவை எல்லாருக்கும் மின்னஞ்சலில் தெரிவிக்கும் நாள்: 2026 ஆகஸ்ட் 3, திங்கள். தேர்வானவர்களின் முழுக் கட்டுரை வந்துசேரக் கடைசி நாள்: 2026 அக்டோபர் 12, திங்கள், 23:59 (யுடிசி +5:30). கருத்தரங்கு: 2026 நவம்பர் 14, சனி.

சுருக்கம் தமிழில் 250 முதல் 300 சொற்கள், ஆங்கிலத்தில் 350 முதல் 420 சொற்கள் இருக்க வேண்டும். தலைப்பு சேராது, அடிக்குறிப்பு சேரும். மென்பொருள் காட்டும் எண்ணிக்கையே கணக்கு. மேல் எல்லையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடினால் ஏற்க மாட்டோம். கடிதத் தொகுப்பு எது, அது இப்போது எங்கே உள்ளது, உங்கள் கேள்வி என்ன, இதுவரை கண்டது என்ன ஆகிய நான்கும் சுருக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒருவர் ஒரு சுருக்கம் மட்டுமே அனுப்பலாம். இணையாசிரியராக இருப்பதும் இதில் சேரும். முன்பு வெளியான கட்டுரையாக இருக்கக் கூடாது. இரண்டு கோப்புகளையும் இந்த முகவரிக்கு மட்டும் அனுப்ப வேண்டும்."

முகவரி, கோப்பு விதி, ஒப்புகை, நேரில் வர வேண்டுமா, கட்டணம் எவ்வளவு ஆகியவை தொடரும். வாசகர் முதலில் தேடுவது தேதியைத்தான். அதனால் பொருளுக்கு அடுத்து அதுவே வரட்டும். வாழ்த்துரையும் நிறுவன வரலாறும் இருந்தே ஆக வேண்டும் என்றால் கடைசியில் போகட்டும்.

வெளியிடும் முன் ஒரு சோதனை

குழுவில் இல்லாத ஒருவரிடம் அழைப்பைக் கொடுங்கள். "புரிகிறதா?" என்று கேட்காதீர்கள், புரிகிறது என்றுதான் சொல்வார்கள். எல்லையில் நிற்கும் மூன்று ஆசாமிகளைக் கற்பனை செய்து, இவர்கள் அனுப்பலாமா என்று கேளுங்கள். 1998 முதல் 2003 வரை இரண்டு பேருக்கிடையே நடந்த கடிதப் போக்குவரத்தை எழுத விரும்புபவர். தந்திகளை மட்டும் வைத்து எழுதுபவர். ஒரு கட்டுரைக்கு முதலாசிரியராகவும் இன்னொன்றுக்கு இணையாசிரியராகவும் இருப்பவர்.

மேலே உள்ள நம் அழைப்பையே இப்படிச் சோதித்தால், மூன்றாமவருக்குத் தெளிவான பதில் இருக்கிறது: அனுப்ப முடியாது. முதலாமவருக்குப் பாதிதான். 2000 வரையிலான கடிதங்களை மட்டும் பயன்படுத்தலாமா, தொகுப்பு முழுவதுமே வெளியேயா? தந்திக்குப் பதிலே இல்லை. அது கையால் எழுதிய கடிதமும் இல்லை, தட்டச்சு செய்து அனுப்பியதும் இல்லை, விலக்கிய பட்டியலிலும் இல்லை. குழு கூடி இரண்டு வரி சேர்க்க வேண்டும்: "தந்திகளும் அடங்கும். 2000க்குப் பின்னும் தொடரும் தொகுப்பாக இருந்தால், அந்த ஆண்டு வரையிலான கடிதங்களை மட்டும் சான்றாகப் பயன்படுத்த வேண்டும்." இதே பதிலை ஜூன் மாதத்தில் ஒருவருக்கு மட்டும் மின்னஞ்சலில் சொல்லியிருந்தால், கேட்காத மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது.

வெளியான பிறகு

ஒரே கேள்வி இரண்டாவது முறை வந்தால், பதில் எழுதுவதோடு அழைப்பையும் திருத்துங்கள். திருத்திய தேதியை மேலே குறியுங்கள்: "2026 மே 19 அன்று திருத்தியது: தந்திகள் பற்றிய விளக்கம் சேர்த்துள்ளோம்." அழைப்பைப் படமாக மட்டும் பரப்பினால் இது முடியாது. குழுக்களில் சுற்றும் படத்தைத் திரும்பப் பிடிக்க வழியே இல்லை. படம் வேண்டுமானால் தலைப்பும் நாளும் இணைப்பும் மட்டும் அதில் இருக்கட்டும், விதிகள் இணைப்புக்குப் பின்னால் இருக்கட்டும்.

கெடுவை நீட்டிப்பதானால் எல்லாருக்கும் நீட்டுங்கள், ஏற்கெனவே அனுப்பியவர்கள் சுருக்கத்தை மாற்றி அனுப்பலாமா என்பதையும் அதே அறிவிப்பில் சொல்லுங்கள். நீட்டிப்பு வரும் என்று எதிர்பார்த்தே தாமதிப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் நீட்டும் எண்ணம் இல்லையென்றால் "இந்தத் தேதியை நீட்டிக்க மாட்டோம்" என்று முதலிலேயே எழுதிவிடலாம். எழுதினால் அதைக் காப்பாற்ற வேண்டும்.

எப்படியும் ஜூலை 7 அதிகாலை 00:20க்கு ஓர் அஞ்சல் வரும். நல்ல சுருக்கமாகவும் இருக்கும். அதை என்ன செய்வது என்பதை அந்தச் சுருக்கத்தைத் திறப்பதற்கு முன்பே, முடிந்தால் மே மாதமே, குழு பேசி எழுதி வைத்திருக்க வேண்டும். எங்கள் குழுவில் இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: "கெடுவுக்குப் பின் வருபவற்றைத் திறக்காமலே, தாமதம் என்று பதில் அனுப்புவோம். எங்கள் படிவமோ அஞ்சலோ செயலிழந்ததால் தாமதமானால், அந்தச் செயலிழப்பு நேரத்தை எல்லாருக்கும் கூட்டித் தருவோம்."